கேன்டீன் ஒப்பந்தத்தைச் சுகாதாரக் குறைபாட்டுக்காக முடிப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் ஒரு சிறிய தனியார் பள்ளி. கேன்டீன் நடத்துபவர் திரும்பத் திரும்பச் சுத்தக்குறைவில் மாட்டுகிறார். சொன்னால் சரிசெய்வார், அடுத்த மாதம் பழையபடிதான். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து அனுப்ப முடியுமா? டெபாசிட்டைப் பிடித்துவைக்கலாமா?

பதில்:

அனுப்ப முடியும். டெபாசிட் முழுவதையும் பிடித்துவைக்க முடியாது. நான் ஒரு தனியார் பள்ளியின் நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிறேன். இதே மாதிரி ஒரு ஒப்பந்தத்தை முடித்துக் கணக்கு தீர்த்தபோது கோப்பு என் மேசையில்தான் இருந்தது. அதை வைத்துச் சொல்கிறேன். அரசாங்கப் பள்ளி என்றால் நடைமுறை வேறு, அங்கே பெரும்பாலும் கடைக்குக் கடை தனி ஒப்பந்தம். நான் சொல்வது கேன்டீன் மொத்தத்தையும் ஒரே நிறுவனம் எடுத்து நடத்தும் பள்ளிக்கு.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் முடிவு பற்றிய பிரிவை எடுத்துப் படியுங்கள். சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் ஆர்டிசி காங்கிரீட் வழக்கில், ஒரு தரப்பு எந்தெந்தச் சூழலில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று வகைப்படுத்தியது. அதில் முதலாவது, ‘இன்னது நடந்தால் முடிக்கலாம்’ என்று ஒப்பந்தமே சொல்லியிருப்பது. மற்றவை எதிர்த்தரப்பு ‘இனி செய்ய மாட்டேன்’ என்று கைவிரிப்பது, ஒப்பந்தத்தின் உயிரான நிபந்தனையை மீறுவது, அல்லது நமக்குக் கிடைக்க வேண்டிய பயனில் பெரும்பகுதியே போய்விடும் அளவுக்கு மீறுவது. குளிர்பெட்டி ஒரு நாள் சரியாகக் குளிரவில்லை என்பதைக் கொண்டு இந்த மற்றவற்றை நிறுவுவது கடினம். அதனால் பள்ளிக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் முதல் வகைதான்.

‘சொன்னால் சரிசெய்வார்’ என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, சிக்கலே அங்கேதான். பல ஒப்பந்தங்களில் ‘மீறல் பற்றி எழுத்தில் தெரிவித்து, 14 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் முடிக்கலாம்’ என்றுதான் இருக்கும். அவர் பத்தாவது நாளில் சரிசெய்துவிட்டால் அந்த நோட்டீஸ் அதோடு செத்தது. அடுத்த மாதம் மறுபடி நடந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். எங்கள் ஒப்பந்தத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: எந்த 12 மாதத்திலும் சுகாதார மீறலுக்காக மூன்று எழுத்து நோட்டீஸ் கொடுக்கப்பட்டால், அவை சரிசெய்யப்பட்டிருந்தாலும், 30 நாள் அறிவிப்பில் பள்ளி முடித்துக்கொள்ளலாம். ‘சரிசெய்யப்பட்டிருந்தாலும்’ என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எங்கள் கதை வேறு மாதிரி போயிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை, ஆனால் காரணம் சொல்லாமலே இரண்டு மூன்று மாத அறிவிப்பில் முடிக்கும் பிரிவு இருக்கிறது என்றால், என் கருத்தில் அதையே பயன்படுத்துங்கள். சில மாதம் கூடுதலாகும், ஆனால் யார் மேல் தப்பு என்ற வாதமே எழாது.

மீறல் பிரிவில் போவதென்றால் ஆதாரம் கச்சிதமாக இருக்க வேண்டும். ‘சமையலறை அழுக்காக இருந்தது’ என்று எழுதினால் அது அபிப்பிராயம். எங்கள் இரண்டாவது நோட்டீஸில் இருந்தது இது: காலை 10.40, சூடு காக்கும் தொட்டியில் கோழிக் குழம்பு 46 டிகிரி. குளிர்பெட்டியில் 11 டிகிரி. மேல் தட்டில் பச்சைக் கோழி, கீழ்த் தட்டில் மூடாத சட்னி. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும், இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும் என்பது இங்கே உணவுத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெப்பமானியை உணவின் நடுவில் செருகி, எண் தெரியும்படி படம் எடுத்தோம். மேற்பார்வை பார்த்த அக்கா, “தம்பி, இப்பதான் கொண்டுவந்து வெச்சோம், இனிமேதான் சூடேறும்” என்றார். அந்தத் தொட்டி ஏற்கெனவே சூடாக இருப்பதைச் சூடாக வைத்திருக்கத்தான், ஆறியதைச் சூடேற்ற அல்ல. இருந்தாலும் அவர் சொன்னதையும் அப்படியே பதிவுத்தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினோம். அவர் மறுத்திருந்தால் ‘கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதி, உடனிருந்த ஆசிரியரிடம் வாங்கியிருப்போம்.

சிங்கப்பூர் உணவு அமைப்பின் நடவடிக்கை தனி. அவர்கள் குற்றப்புள்ளி கொடுப்பதும் உரிமத்தை இடைநிறுத்துவதும் அவர்களுக்கும் நடத்துபவருக்கும் இடையிலான விவகாரம். 12 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படலாம். ஆனால் அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, உங்கள் ஒப்பந்தம் அப்படிச் சொன்னால் ஒழிய. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே புகார் கொடுங்கள். ‘பேசாமல் போய்விட்டால் புகார் கொடுக்க மாட்டோம்’ என்று மட்டும் யாரும் எழுதவோ பேசவோ கூடாது. அது மிரட்டிப் பேரம் பேசியதாகத் திரும்பி உங்கள் தலையிலேயே விழும்.

மூன்றாவது மீறல் நடந்தபின் சும்மா இருக்காதீர்கள். தெரிந்தும் மூன்று நான்கு மாதம் வாடகை வாங்கிக்கொண்டு இருந்தால், ‘அதை அப்போதே விட்டுவிட்டீர்களே’ என்று அவர் சொல்ல இடம் கிடைக்கும். நோட்டீஸை ஒப்பந்தம் சொல்லும் வழியிலேயே அனுப்புங்கள். எங்களுடையதில் பதிவுத் தபால் அல்லது நேரில் என்று இருந்தது, மின்னஞ்சல் இல்லை. ஆள் அனுப்பி, நிறுவனத்தின் பதிவு முகவரியில் ஏப்ரல் 10-ஆம் தேதி கொடுத்து முத்திரை வாங்கினோம். கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் 30 நாள், ஆக மே 10 கடைசி நாள். மூன்று நோட்டீஸின் தேதி, மீறிய பிரிவு எண், கடைசி நாள், சாவி ஒப்படைப்பு நேரம், கணக்குத் தீர்க்கும் விதம், இவ்வளவுதான் கடிதத்தில். கோபம் ஒரு வரி கூட இல்லை.

இப்போது டெபாசிட். எங்கள் மேலிடத்திலும் ‘தப்பு அவர்கள் மேல்தானே, முழுதாக எடுத்துக்கொள்வோம்’ என்ற பேச்சு வந்தது. டெபாசிட் என்பது நமக்கு வரவேண்டிய பாக்கிக்கும் நேர்ந்த சேதத்துக்கும் ஈடு. மீறினால் முழுவதும் பறிபோகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாலும், அது உண்மையான நஷ்டத்தை நியாயமாக முன்கூட்டி மதிப்பிட்டதாக இல்லாவிட்டால், தண்டனை என்று சொல்லி நீதிமன்றம் ஏற்காமல் போகலாம். 2020-இல் டென்கா அட்வான்டெக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவுகோலைத்தான் மறுபடி உறுதிசெய்தது.

எங்கள் கணக்கு இப்படிப் போனது. எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், விகிதம் அதேதான். மாத வாடகை 3,100 வெள்ளி, டெபாசிட் மூன்று மாதம், அதாவது 9,300. மே மாத வாடகையை அவர் முதல் தேதியே கட்டிவிட்டார். 31 நாளில் 10 நாள்தான் இருந்தார் என்பதால் 2,100 வெள்ளி திரும்பக் கொடுக்க வேண்டும். உதவித்தொகை மாணவர்களின் சாப்பாட்டுக்கும் ஊழியர் கூட்டங்களுக்குக் கொடுத்த உணவுக்கும் பள்ளி பாக்கி 2,640. பிள்ளைகள் அட்டையில் கட்டும் காசு எங்கள் கணக்கில் விழுந்து வாராவாரம் அவருக்குப் போகும். அதில் கடைசி வாரத்துக்கு 1,870. டெபாசிட்டோடு சேர்த்தால் அவருக்குச் சேர வேண்டியது 15,910 வெள்ளி.

கழித்தது: துணை மீட்டரில் பார்த்த தண்ணீர், மின்சாரம், எரிவாயு 1,240, எண்ணெய்க் கழிவுத் தொட்டியும் புகைபோக்கியும் சுத்தம் செய்ய 1,150, கரப்பான் ஒழிப்பு 480, உடைந்த குளிர்பெட்டிக் கதவு 390. மொத்தம் 3,260. மீதி 12,650 வெள்ளி நாங்கள் அவருக்குக் கொடுத்தோம். ஆமாம், வெளியே அனுப்பப்பட்டவர் காசோலையோடு போனார்! சிலருக்கு அது உறுத்தியது. ஆனால் அதில் பெரும்பகுதி அவருடைய காசுதான்.

கழித்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும், ஒப்படைத்த அன்று இரு தரப்பும் சேர்ந்து நடந்து பார்த்து எடுத்த படங்களும் இருந்தன. அவர் உள்ளே வந்தபோது எடுத்த படங்களும் இருந்ததால்தான் குளிர்பெட்டிக் கதவு பற்றிய வாதம் சீக்கிரம் முடிந்தது. பழைய தேய்மானத்துக்குக் கழிக்கவில்லை. இடைக்காலத்தில் வெளியிலிருந்து உணவு வரவழைத்ததில் ஆன கூடுதல் செலவையும் கேட்கவில்லை. நாமே நோட்டீஸ் கொடுத்து முடித்தபின் வந்த செலவு அது, அதற்காக வக்கீலிடம் போனால் கேட்கும் தொகையைவிட வக்கீல் செலவு கூடும்.

அட்டைக் காசையும் சாப்பாட்டு பாக்கியையும் உடனே கொடுத்துவிட்டு, டெபாசிட் மீதியை மட்டும் ‘இனி இரு தரப்புக்கும் ஒருவர்மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடிதத்தில் அவர் கையெழுத்திட்டதும் கொடுத்தோம். தகராறு இல்லாத தொகையைக் கையெழுத்துக்காகப் பிடித்துவைத்தால் மீறியவர் நாமாகிவிடுவோம்.

கடைசி வாரத்தில் அவருக்குக் கீழே கடை போட்டிருந்த சிலர் அலுவலகத்துக்கு வந்து, “அவர் எங்களுக்குப் பாக்கி வெச்சிருக்கார், அவருக்குக் கொடுக்குறதுல பிடிச்சு எங்ககிட்ட கொடுங்க” என்றார்கள். பரிதாபம்தான். ஆனால் அவர்களுக்கு நம்மோடு ஒப்பந்தம் இல்லை. அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் கொடுத்தால், அவர் கேட்கும்போது இன்னொரு தடவை கொடுக்க வேண்டிவரும். சம்மதக் கடிதம் கேட்டோம், ஒருவருக்கு மட்டும் கொடுத்தார்.

புதியவரை எடுக்கும்போது, பழைய உரிமம் பழையவர் பெயரில் இருப்பது என்பதை மறக்காதீர்கள். புதியவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை அனுமதியில் இருக்கும் சமையல்காரர்களும் தங்கள் முதலாளியின் பெயரில் இருப்பவர்கள், ‘நீங்கள் மட்டும் இருங்கள்’ என்று நிறுத்திக்கொள்ள முடியாது. நடுவில் உணவு வரவழைத்தால் உரிமம் உள்ளவரிடம் வாங்கி, சமைத்த நேரம் ஒட்டியிருக்கிறதா, அதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் செய்தியில் ‘மே 10-உடன் தற்போதைய நடத்துபவரின் ஒப்பந்தம் முடிகிறது, 11 முதல் உணவு ஏற்பாடு இப்படி’ என்பதோடு நிறுத்துங்கள். கரப்பான் கதையெல்லாம் அதில் எழுதினால் அவதூறு வழக்குக்கு வழி வைத்த மாதிரி.