பத்து நிமிடம்

கேள்வி: மழை நாளில் உணவு கொண்டுவருபவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டு "வந்துகொண்டிருக்கிறேன்" என்று பொய்ச் செய்தி அனுப்புவது ஏன்?

உங்கள் இரவு உணவும் அப்படித்தான் தாமதமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பொய்யை நானும் அனுப்பியிருக்கிறேன், ஆனால் அதை என் விரல் தட்டி அனுப்பவில்லை.

வேளச்சேரியில் ஒரு மெஸ்ஸுக்காக உணவு கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். வண்டி ஓட்டும்போது பதில் எழுத முடியாது, பதில் வராவிட்டாலோ முதலாளியிடம் புகார் போகும். அதனால் வாட்ஸ்அப்பில் யார் கேட்டாலும் "வந்துகொண்டிருக்கிறேன், பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று தானாகப் பதில் அனுப்பும் செயலி ஒன்றைப் போட்டிருந்தேன். அது வந்த செய்திக்குப் பதில் போடுமே தவிர, வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது.

2023 டிசம்பர் 3, மிக்ஜாம் புயல் மழை. விஜயநகர் தாண்டியதும் தண்ணீர் சைலன்சருக்கு மேலே ஏறி வண்டி அணைந்துவிட்டது. அந்த நிலையில் மறுபடியும் ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் இஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம் என்பதால், முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டே போனேன். கைப்பேசி பிளாஸ்டிக் உறைக்குள், மழைக்கோட்டுக்கு அடியில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஈரத்திரை விரலுக்கு மசியவில்லை, எங்கோ தொட்டால் எதுவோ திறந்தது. "ஓரமாக நின்று துடைத்திருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: அன்றைக்கு ஓரம் எது, வடிகால் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. என்றாலும், பத்து நிமிடம் என்று எழுதி வைத்தவன் நான்தான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மேம்பாலத்தின் அடியில் நின்று திரையைத் துடைத்துப் பார்த்தபோது, ராம் நகரில் ஒரே வீட்டுக்கு மட்டும் அதே வரி ஐந்து முறை போயிருந்தது. அந்த அம்மாள் முதலில் "எங்கே இருக்கிறாய்" என்று கேட்டிருந்தார், பிறகு "அவருக்கு ஊசி போடலாமா" என்று கேட்டிருந்தார். அதற்கும் என் கைப்பேசி "பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லியிருந்தது. அதை நம்பி, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினைக் கணவருக்குப் போட்டுவிட்டார். இட்லி வராததால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தெளிவாகப் பேசினார். அன்றிரவே செயலியின் வரியை "வண்டி ஓட்டுகிறேன், நின்றதும் நானே அழைக்கிறேன்" என்று மாற்றிவிட்டேன். அதில் நிமிடக் கணக்கு எதுவும் இல்லை.

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஆறிப்போன பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, "நீ ஒண்ணுமே அனுப்பாம இருந்திருந்தா, நானே கொஞ்சம் ரவையைக் கிண்டிக் குடுத்திருப்பேனே தம்பி" என்றார்.