ரத்தபேதிக்கு ஏன் ஆன்டிபயாடிக் எழுதலை? – குழந்தை மருத்துவரிடம் கேள்வி பதில்

"டாக்டர், தம்பி மகனுக்கு 4 வயசு. மலத்துல ரத்தமா போகுது, காய்ச்சல் இல்ல. ஆன்டிபயாடிக் தராம டிரிப்ஸ் மட்டும் போட்டிருக்காங்க. சரியா?" (மேலப்பாளையம்)

சரிதாம்மா. காய்ச்சல் இல்லாம ரத்தம் போனா ஈ.கோலிங்கிற கிருமியைச் சந்தேகப்படணும். வேகாத மாட்டுக்கறியில வர்ற அதோட ஒரு வகை, ஷிகாங்கிற நச்சைச் சுரக்கும். கிருமி குடல்லயே தங்கிடும். நச்சுதான் ரத்தத்துல ஏறிச் சிறுநீரகத்தோட நுண்குழாயைக் கெடுக்கும். அந்த நச்சுக்கான மரபணு, கிருமிக்குள்ள உறங்குற ஒரு வைரஸ்ல இருக்கு. சில ஆன்டிபயாடிக் பட்டதும் வைரஸ் விழிச்சு நச்சைப் பெருக்கி, கிருமியை உடைச்சு வெளியே கொட்டும். 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வுல இந்தக் கிருமி தொத்தின 71 பிள்ளைகளைக் கவனிச்சாங்க. ஆன்டிபயாடிக் வாங்கின 9 பேர்ல 5 பேருக்குச் சிறுநீரகம் பாதிச்சது. வாங்காத 62 பேர்லயும் 5 பேருக்குத்தான். எண்ணிக்கை சின்னது, மருந்துக்கு மருந்து வித்தியாசமும் உண்டு. ஆனாலும் நான் துணிய மாட்டேன். டிரிப்ஸ் சும்மா இல்லம்மா, ஆரம்பத்துலயே நீர்ச்சத்து ஏறினா சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு. பேதியை நிறுத்துற மாத்திரையும் தராதீங்க. நச்சு குடல்லயே நின்னுடும்.

"அப்ப ரத்தபேதின்னாலே ஆன்டிபயாடிக் கூடாது, அப்படித்தானே அண்ணாச்சி?" (அம்பாசமுத்திரம்)

பாதிதான் சரி. நம்ம பக்கம் ரத்தபேதிக்கு ஷிகெல்லாங்கிற வேற கிருமிதான் அதிகம் காரணம். அதுல பெரும்பாலும் நல்லா காய்ச்சல் அடிக்கும், சளி கலந்து போகும். ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவை. காய்ச்சலை மட்டும் வச்சுத் தீர்மானிக்க முடியாது, அதான் மலப் பரிசோதனை கேட்கிறோம். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் மட்டும் போதாது, ஷிகா நச்சையும் பார்க்கச் சொல்லுங்க.

"எம் மவளுக்குப் பேதி நின்னு ரெண்டு நாள் ஆச்சு. இனி பயமில்லையே?" (தென்காசி)

இங்கதாம்மா கவனம் வேணும். நான் பார்த்த ஒரு பிள்ளை, 3 வயசு. ஞாயிறு கோலா உருண்டை தின்னா. புதன் பேதி, வியாழன் ரத்தம். அடுத்த திங்கள் பேதி நின்னதும் வீட்டில நிம்மதி. செவ்வாய் முகம் வெளுத்து, இமை வீங்கி, காலையில இருந்து ஒண்ணுக்கே போகலை. தட்டணுக்கள் 42,000-க்கு இறங்கிடுச்சு, சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.8-க்கு ஏறிடுச்சு, ரத்தத்தை நுண்ணோக்கியில பார்த்தா சிவப்பணுக்கள் துண்டு துண்டா. வயித்து வழி டயாலிசிஸ்ல 9 நாள் இருந்து தேறினா. இப்படிச் சிக்கல் வர்றது இந்த ஈ.கோலி தொத்தின சின்னப் பிள்ளைகள்ல பத்துல ஒருத்தருக்குன்னு வைங்க, பேதி தொடங்கி ஒரு வாரம் வாக்குல. அதுவரை எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்னு எண்ணுங்க. ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்கணும்.

"மூணு தலைமுறையா மாட்டுக்கறி திங்கோம். அதைக் குத்தம் சொல்லுதீகளோ?" (மேலப்பாளையம்)

கறியைச் சொல்லலை மாமா, வேகாததைச் சொல்லுதேன். முழுத் துண்டுல கிருமி மேல்புறத்துல இருக்கும், சூட்டுல செத்துடும். கொத்தினா உள்ளே கலந்துடும். கோலா உருண்டை வெளியே சிவந்தாலும் நடுவில 71 டிகிரி செல்சியஸ் வரணும். ஒண்ணைப் பிட்டு, ரோஸ் நிறம் இருந்தா திரும்ப வேகவிடுங்க. நிறம் போனதை மட்டும் நம்பவும் முடியாது, கறி வெப்பமானி இருந்தா குத்திப் பாருங்க.

"அசித்ரோமைசின் மட்டும் பரவாயில்லைன்னு கேள்விப்பட்டேன்?" (வண்ணாரப்பேட்டை)

2011-ல ஜெர்மனியில ஷிகா நச்சு சுரக்குற ஈ.கோலி பரவினப்ப அந்த ஆன்டிபயாடிக், கிருமி மலத்துல வெளியேறுற நாட்களைக் குறைச்சுது. ஆனா அங்க பரவினது வேற வகை ஈ.கோலி, நோயாளிகளும் பெரும்பாலும் பெரியவங்க. நம்ம பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்த என் மனசு இன்னும் ஒப்பலை.