நாலு மணிக்கு மேல் எல்லோருக்கும் கோபம்: முகம் பார்க்கும் மென்பொருள் பற்றிக் கேள்வி பதில்

முகப்படங்களை வைத்து வேலை செய்யும் மென்பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது பதினோரு வருடமாக என் பிழைப்பு. இப்போது வீடு திருநகரில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஜவுளிக்கடை சூப்பர்வைசர், தெற்கு மாசி வீதி: அக்கா, எங்க கடையில கேமரா வச்சு ஸ்டாஃப் முகத்துக்கு சந்தோஷம், கோபம், சோகம்னு மார்க் போடுறாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல வாசல் கவுண்டர்ல நிக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும் கோபம்னு வருது. முதலாளி எங்களைத்தான் பிடிக்கிறார்.

வாசல் மேற்குப் பார்த்ததாக இருக்குமோ? நாலு மணி வெயில் நேரே முகத்தில் அடித்தால் யாராக இருந்தாலும் கண்ணைச் சுருக்குவார்கள், இரண்டு புருவமும் நடுவில் வந்து நெருங்கும். கோபத்தில் புருவத்தை நெரிப்பதும் அதே தசைதான். படத்தில் இருப்பது நெரிந்த புருவம் மட்டும். அது வெயிலாலா, வாடிக்கையாளராலா என்பது படத்தில் இல்லை.

இந்த மென்பொருள் 'கோபம்' என்பதை எங்கே படித்தது என்று பார்த்தால் இன்னும் தெளியும். FER2013 என்று ஒரு படத்தொகுப்பு. 2013இல் வந்தது, இந்தத் துறையில் நிறையப் பேர் கைவைத்துப் பழகியது. கூகுள் படத்தேடலில் உணர்ச்சிச் சொற்களைத் தட்டி, வந்த படங்களை அள்ளி, ஆட்களை வைத்துச் சரிபார்த்துச் சேர்த்தது. சுமார் 35,900 முகம், ஒவ்வொன்றும் 48க்கு 48 புள்ளி, கறுப்பு வெள்ளை. அதில் 'கோபம்' என்றால் பார்த்தவருக்குக் கோபம் போலத் தெரிந்த முகம், அவ்வளவுதான். படத்தில் இருந்தவரிடம் போய் "உனக்குக் கோபமா?" என்று யாரும் கேட்கவில்லை. நிஜக் கோபக்காரர்களோ பெரும்பாலான நேரம் முகத்தைச் சுளிப்பதே இல்லை. உளவியல் ஆராய்ச்சிகளைத் திரட்டி லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் கூட்டாளிகளும் 2019இல் எழுதிய கட்டுரைப்படி, கோபம் வரும்போது மக்கள் முகம் சுளிப்பது சராசரியாக நூற்றுக்கு முப்பது தடவைக்கும் குறைவு. சுளிக்கிற முகங்களிலோ கோபமே இல்லாதவை ஏராளம்.

இன்னொரு வில்லங்கம், அந்தத் தொகுப்பில் ஏழே பெட்டி: கோபம், அருவருப்பு, பயம், சந்தோஷம், சோகம், வியப்பு, எதுவுமில்லை. உங்கள் கடை மென்பொருளும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். கால் வலிக்கு அதில் பெட்டி கிடையாது. 'தெரியவில்லை' என்பதற்கும் கிடையாது. எந்த முகம் வந்தாலும் நூறு சதவீதத்தை அந்த ஏழுக்குள் பங்கு போட்டே தீரும். "கோபம் 87%" என்று திரையில் வந்தால், மற்ற ஆறு பெட்டியைவிட இதில் நன்றாகப் பொருந்துகிறது என்றுதான் பொருள்.

ஒரு நாள் நாலு மணிக்கு வாசலில் படுதாவை இறக்கிவிட்டுப் பாருங்கள். ஆளும் இடமும் நேரமும் மாறக்கூடாது.

ஓய்வுபெற்ற வாசகர், சோழவந்தான்: எனக்கு 71 வயது அம்மா. பேரன் போனில் போட்டுப் பார்த்தான், 58 என்றது. தினமும் வைகைக் கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். அதனால்தானே?

நடையை விடாதீர்கள் ஐயா. ஆனால் 58க்கு நடை காரணமா என்பது சந்தேகம். இந்த மாதிரி மென்பொருள் வயதானவர்களைக் குறைத்தும், சின்னப் பிள்ளைகளைக் கூட்டியும் சொல்வது வழக்கம். கீழே அலுவலகக் கேள்விக்கான பதிலில் ஏன் என்று இருக்கிறது. பேரனுக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அவன் வயதைக் கூட்டிச் சொல்லும் என்று நினைக்கிறேன்.

தனியார் அலுவலகம், ஆள் எடுப்புப் பிரிவு, மாட்டுத்தாவணி பக்கம்: மேடம், வயது கணிக்கும் ஒரு மென்பொருளுக்கு டெமோ கொடுத்தார்கள். எங்கள் ஊழியர்களையே வைத்துச் சோதித்தோம், சராசரிப் பிழை 4 வருடம்தான். வாங்கலாமா?

உங்கள் ஊழியர்களின் வயது என்ன? 22இலிருந்து 38 வரை, ஒவ்வொரு வயதிலும் ஒருவர், மொத்தம் 17 பேர் என்று வைத்துக்கொள்வோம். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் 30 என்கிறேன். 30 வயதுக்காரருக்குப் பிழை 0. 29, 31க்கு 1. அப்படியே போய் 22க்கும் 38க்கும் 8. மொத்தம் 72 வருடம், 17ஆல் வகுத்தால் நாலே கால். முகத்தையே பார்க்காத எனக்கும் அந்த மென்பொருளுக்கும் வித்தியாசம் மூன்று மாதம்!

வாசலில் நிற்கும் செக்யூரிட்டி தாத்தாவையும் சேர்த்துச் சோதித்தீர்களா? அவருக்கு 62 என்றால் என் '30' 32 வருடம் தப்பும். மென்பொருளும் அங்கேதான் தடுமாறும். பயிற்சியில் ஒவ்வொரு தப்புக்கும் அதற்கு அபராதம் உண்டு. மங்கலான படம், 45ஆகவும் இருக்கலாம் 65ஆகவும் இருக்கலாம் என்றால், அபராதம் குறைய நடுவில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவதுதான் அதற்குப் பத்திரம். பயிற்சிப் படங்களில் இருபது முப்பது வயதுக்காரர்களே நிறைய இருந்தால் அந்த நடுவும் அந்தப் பக்கமே சாயும். அதனால்தான் சோழவந்தான் ஐயா 58 ஆனார்.

ஆகவே சராசரியை மட்டும் கேட்காதீர்கள். பத்துப் பத்து வயதாகப் பிரித்து, எங்கே கூட்டிச் சொல்கிறது, எங்கே குறைத்துச் சொல்கிறது என்று கேளுங்கள். அந்தத் தாள் அவர்களிடம் இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.

கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்: அக்கா, எல்லாமே வெளிநாட்டு டேட்டா, அதான் பிரச்சினை. நம்ம ஊர் முகங்களைப் போட்டுப் பயிற்சி கொடுத்தா சரியாயிடும்.

வயதுக்குப் பாதி சரி தம்பி. நம் ஊர்த் தோலும் வெயிலும் படத்தில் இருந்தால் பிழை குறையும். ஆனால் மனநிலைக்கு அது உதவாது. மதுரை முகம் பத்தாயிரம் எடுத்து, அதிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து "இது கோபம், இது சோகம்" என்று ஒட்டினால் பழைய கதைதான்.

வாடிப்பட்டி: ஆபீஸ் வருகைப்பதிவில் என் முகத்தைக் காட்டினால் வேறு ஆள் என்கிறது. இதுவும் அதே கோளாறா?

இல்லை, அது வேறு வேலை. உங்கள் இன்றைய முகத்தைப் பதிந்து வைத்த முகத்தோடு ஒப்பிடுகிறது. அங்கே சரியான விடை என்று ஒன்று உண்டு. நல்ல வெளிச்சத்தில் மறுபடி பதியச் சொல்லுங்கள்.

போட்டோ ஸ்டுடியோ நடத்துபவர், திருமங்கலம்: மொத்தமாத் தள்ளிவிடாதீங்க. முப்பது வருஷமா பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறேன். வெளிச்சத்தைச் சரியா வச்சா இந்த மென்பொருள் வயசைக் கிட்டத்தட்டச் சொல்லிடுது. சைடுல ஒரு லைட்டை வச்சீங்கன்னா கன்னத்துக் கோடு எல்லாம் நிழலாகி ஏழெட்டு வயசு கூடிடும்.

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. அமெரிக்காவின் NIST நிறுவனம் விசா படங்களை வைத்துச் சோதித்ததில், 2014இல் 4.3 வருடமாக இருந்த சராசரிப் பிழை 2024இல் 3.1 ஆகியிருந்தது. ஆனால் அது நேர்முகம், சீரான வெளிச்சம். அதிலும் பெண்கள் முகத்தில் பிழை பொதுவாகக் கூடுதல். அப்புறம் நீங்களே கன்னத்தை வழவழப்பாக்கிக் கொடுப்பீர்களே, போனும் கேட்காமலே அதைச் செய்கிறது. அந்தப் படத்துக்கு எந்த வயதைச் சரி என்பது? எனக்கே விடை இல்லை.

மறுபடி தெற்கு மாசி வீதி: படுதா இறக்கிப் பார்த்துட்டோம் அக்கா. கோபம் நல்லா குறைஞ்சிருச்சு. ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் அப்படியே இருக்கு. அவ சிரிச்ச முகமாத்தான் எங்களுக்குத் தெரியுது.

காலை பதினோரு மணிக்கு அவளுக்கு என்ன வருகிறது? அப்போதும் கோபம் என்றால் அவளுடைய புருவ அமைப்பே அப்படி இருக்கலாம். சாயங்காலம் மட்டும் என்றால், படுதாவுக்கு வெளியே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள், கண்ணாடி போட வேண்டியவளா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன் முதலாளியிடம் அவள் பெயரைச் சொல்ல வேண்டாம்.