கேள்வி, மௌனம், பிறகுதான் பெயர்

கேள்வி: கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 8க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். எதைக் கேட்டாலும் அதே ஐந்தாறு பேர்தான் கை உயர்த்துகிறார்கள். பேசாத பிள்ளைகளை வெட்கப்படுத்தாமல் கலந்துரையாடலுக்குள் கொண்டுவருவது எப்படி?

பதில்:

முதலில் கேள்வியைக் கேளுங்கள், பிறகு பேசாமல் இருங்கள், அதற்குப் பிறகே பெயரைச் சொல்லுங்கள். இந்த வரிசைதான் அடிப்படை. "கவிதா, ஆவியாதல் என்றால் என்ன?" என்று பெயரில் தொடங்கினால், அந்தக் கணமே மற்ற 37 பேருக்கும் யோசிக்கிற வேலை முடிந்துவிடுகிறது. கவிதாவுக்கோ யோசிக்க நேரமே இல்லை, எல்லாக் கண்களும் அவள்மேல். பெயர் கடைசியில் வந்தால், கேள்விக்கும் பெயருக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கேள்வி 38 பேருக்கும் சொந்தம்.

அந்த இடைவெளி எவ்வளவு? அமெரிக்க விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிச் சொன்னார்கள், அல்லது வேறு பிள்ளைக்குத் தாவினார்கள். 3 செக்கனோ அதற்கு மேலோ காத்திருக்கப் பழகியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத சந்தர்ப்பங்கள் குறைந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அவருடைய அவதானிப்புகளில் இன்னொன்று உங்கள் கேள்விக்கு நேரே பொருந்தும்: கெட்டிக்காரர் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்குக் கிடைத்த காத்திருப்பைவிட, பலவீனமானவர் என்று கருதிய பிள்ளைகளுக்குக் கிடைத்தது குறைவு. கூடுதல் நேரம் தேவைப்படுகிறவருக்கே குறைவான நேரம் போகிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பதில் வராது என்று மனம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வகுப்பில் நிற்கும்போது 5 செக்கன் மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று ஆயிரத்து ஐந்து வரை எண்ணுங்கள். அந்த நேரத்தில் கரும்பலகையை அழிக்கவோ கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்கவோ வேண்டாம். நீங்கள் வாய் திறந்தால் யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை யோசனையை விட்டுவிட்டு உங்களைக் கேட்கத் தொடங்கும். உங்கள் இப்போதைய இடைவெளி எவ்வளவு என்று தெரியவேண்டுமென்றால், அதிபரிடம் சொல்லிவிட்டு ஒரு பாடவேளையில் 10 நிமிடம் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை செக்கனில் அடுத்த குரல் வருகிறது, அது யாருடைய குரல் என்று குறியுங்கள். பெரும்பாலும் அது ஆசிரியரின் குரலாகவே இருக்கும்.

காத்திருப்பு மட்டும் போதாது. நீங்கள் 5 செக்கன் காத்திருந்தாலும் இரண்டாவது செக்கனில் ஆறு கைகள் உயர்ந்துவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பந்தயம் முடிந்துவிட்டது என்றே அந்தக் கைகள் அவர்களுக்குச் சொல்கின்றன. அதனால்தான் கை உயர்த்தாத முறை. இதையும் காத்திருப்பையும் சேர்த்தே தொடங்குங்கள். விதியை வகுப்புக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "பதில் சொல்ல யாரும் கை உயர்த்தத் தேவையில்லை, நான் பெயர் சொல்லுவேன். சந்தேகம் கேட்கக் கை உயர்த்தலாம்." இந்த இரண்டாவது வசனத்தை விட்டுவிட்டால் கேள்வி கேட்கும் பிள்ளையையும் சேர்த்து அடக்கிவிடுவீர்கள்.

பெயரை எழுந்தமானமாக எடுக்க ஐஸ்பழக் குச்சிகள் நல்லவை. 38 குச்சிகளில் பெயர்களை எழுதி, உள்ளே தெரியாத ஒரு கோப்பையில் போடுங்கள். எடுத்த குச்சியை அதே கோப்பையில் திரும்பப் போடவேண்டும். வேறு கோப்பைக்கு மாற்றினால் "என் முறை முடிந்தது" என்று அந்தப் பிள்ளை ஓய்ந்துவிடும். ஆனால் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பாடவேளைக்கு 6 பெயர், வாரம் 5 பாடவேளை என்றால் 30 முறை எடுப்பீர்கள். திரும்பப் போட்டு எடுக்கும்போது, ஒரு குறிப்பிட்ட பிள்ளை வாரம் முழுக்க ஒருமுறைகூட வராமல் போக ஏறக்குறைய 45 வீத வாய்ப்பு உண்டு. அதாவது 38 பேரில் 17 பேரளவில் அந்த வாரம் விடுபடலாம். இதைச் சமாளிக்க குச்சியின் ஒரு முனையில் நிறப்புள்ளி வையுங்கள். முதலில் எல்லாப் புள்ளிகளும் கீழே இருக்கட்டும். ஒருவர் பேசியதும் குச்சியைத் தலைகீழாக்கிப் போடுங்கள். மேலே புள்ளி தெரிந்தால் பேசியவர், தெரியாவிட்டால் பேசாதவர். உங்களுக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியாது. புள்ளி தெரியாத குச்சிகளையே பெரும்பாலும் எடுங்கள், இடையிடையே பேசியவர் ஒருவரையும் எடுங்கள்.

இனி, கேள்வி. "நீரின் கொதிநிலை என்ன?" என்பதற்கு 5 செக்கன் காத்திருந்து பயனில்லை. தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வராது. யோசிக்க ஏதாவது இருக்கிற கேள்வி வேண்டும். ஒடுங்கல் பாடத்துக்கு கொழும்பின் காலநிலையே கைகொடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த, மூடி இறுக்கிய போத்தல் ஒன்றைச் சிவப்பு சர்பத்துடன் மேசையில் வையுங்கள். காற்றில் ஈரப்பதன் அதிகம் என்பதால் சில நிமிடங்களிலேயே வெளிப்புறத்தில் துளிகள் படியும். அப்போது கேளுங்கள்: "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அப்படி நினைக்க என்ன காரணம்?"

முதல் 5 செக்கன் முழு அமைதி. பிறகு ஒரு நிமிடம் கொப்பியில் ஒரே ஒரு வசனம் எழுதட்டும். அதன் பிறகு பக்கத்துப் பிள்ளையுடன் ஒரு நிமிடம் பேசட்டும். பேசாத பிள்ளைக்கு இந்த எழுத்தும் சோடிப் பேச்சும்தான் பாலம். வகுப்பின் முன்னால் சொல்லும்போது அவர் புதிதாக ஒன்றை உருவாக்கத் தேவையில்லை, ஏற்கெனவே எழுதியதை, ஒருவரிடம் சொல்லிப் பார்த்ததை, மறுபடி சொன்னால் போதும். சோடிப் பேச்சில் சிங்களமோ ஆங்கிலமோ கலந்தால் தடுக்காதீர்கள். கொழும்புப் பிள்ளைகள் பலருக்கு யோசனை ஒரு மொழியில் வரும், பாடச் சொல் இன்னொரு மொழியில் வரும். அந்த மாற்றத்துக்கும் நேரம் பிடிக்கிறது. பக்கத்திலிருந்து விடையைக் குசுகுசுக்கிற பழக்கமும் இதனால் குறையும், ஏனென்றால் பகிரவேண்டியதை ஏற்கெனவே பகிர்ந்தாயிற்று.

பிள்ளைகள் எழுதும்போது வரிசைகளுக்கிடையில் நடந்து கொப்பிகளைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வகை விடைகள் இருக்கும்: போத்தலுக்குள் இருந்து கசிந்தது, குளிர் தண்ணீராக மாறியது, காற்றிலுள்ள நீராவி ஒடுங்கியது. இந்த இடத்தில் குச்சியை விட்டுவிட்டு நீங்களே தெரிவு செய்யலாம். பேசாத பிள்ளை ஒருவர் நல்ல வசனம் எழுதியிருந்தால் குனிந்து மெல்லிய குரலில், "மகள், இந்த வசனத்தை அப்படியே வாசிப்பீங்களா? இரண்டாவதா உங்களைக் கேக்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். பெயர் வரும்போது அது அதிர்ச்சியாக இருக்காது.

கலந்துரையாடல் இப்படிப் போகலாம்:

"கசிந்து வந்தது டீச்சர்."

இங்கேதான் இரண்டாவது மௌனம். பதில் முடிந்ததும் "சரி" என்றோ "இல்லை" என்றோ சொல்லாமல் மறுபடி 3 செக்கன் காத்திருங்கள். பலமுறை அதே பிள்ளை தானாகவே தொடரும்: "...ஆனா மூடி இறுக்கமாத்தான் இருக்கு." அதற்கும் பிறகு இன்னொருவரிடம் போங்கள்: "நிரோஷன், அவர் சொன்னதை ஏற்கிறீங்களா? ஏன்?"

"இல்ல டீச்சர். உள்ள இருக்கிறது சிவப்பு. வெளிய இருக்கிறதுல நிறம் இல்ல."

"நல்லது" என்று நீங்கள் உடனே சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு முதல் பதிலோடு முடிந்திருக்கும். பாராட்டு வந்த கணமே மற்றவர்கள் விடை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாராட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், காரணம் சொன்னதற்காகப் பாராட்டுங்கள்.

"தெரியாது டீச்சர்" என்று வந்தால்? விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்த் திரும்பாமல் இருந்தால், அந்தச் சொல் தப்பிக்கும் வழி என்பதை வகுப்பு ஒரே வாரத்தில் படித்துக்கொள்ளும். பிள்ளையை நிற்க வைத்துத் துருவினாலும் பயம்தான் மிஞ்சும். "சரி, இன்னும் ரெண்டு பேர் சொல்றதைக் கேளுங்க. அதுல எது உங்களுக்குச் சரியாப் படுதுன்னு பிறகு உங்ககிட்ட கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறக்காமல் திரும்பிப் போங்கள். தெரிவு செய்வது உருவாக்குவதைவிட எளிது. "கசிவு இல்லை, ஏனென்றால் நிறம் இல்லை" என்று மற்றவர் சொன்னதையே தன் சொல்லில் சொன்னாலும் அது பங்கேற்பே.

இரண்டு இடைஞ்சல்களை எதிர்பார்த்திருங்கள். ஒன்று, கூட்டுக் குரல். "விளங்கினதா?" என்றால் "ஓம் டீச்சர்" என்று வகுப்பே முழங்கும் பழக்கம் நம் பாடசாலைகளில் ஆழமானது. அந்த முழக்கத்தில் பேசாத பிள்ளை வசதியாக ஒளிந்துகொள்ளும். அந்தக் கேள்வியையே விடுங்கள், "கசிவு இல்லை என்று எதை வைத்துச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். மற்றது, இதுவரை கை உயர்த்திய ஐந்தாறு பேரின் மனத்தாங்கல். அவர்கள் உரக்கச் சொல்லிவிட்டால் மௌனம் உடைந்துபோகும். அவர்களுக்கும் இடம் கொடுங்கள்: நான்கு பேர் பேசிய பிறகு, "இதுவரை யாரும் சொல்லாத காரணம் ஏதாவது இருக்கா?" என்று கைகளுக்குத் திறந்துவிடுங்கள். போத்தலைத் தராசில் வைத்தால் எண் மெல்லக் கூடும் என்பது போன்ற யோசனை அப்போதுதான் வரும்.

10 செக்கன் ஆகியும் யாருடைய முகத்திலும் அசைவில்லை, கொப்பியும் வெறுமையாக இருக்கிறது என்றால் காத்திருப்பை நீட்டாதீர்கள். கேள்வி பெரிதாகிவிட்டது. "உள்ளே இருந்தா, வெளியே இருந்தா? முதலில் அதை மட்டும் எழுதுங்க" என்று உடைத்துக் கொடுங்கள்.

திக்கிப் பேசும் பிள்ளை, வீட்டில் பேசினாலும் பாடசாலையில் வாயே திறக்காத பிள்ளை, இந்தத் தவணையில்தான் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஆகியோரின் குச்சிகளைத் தொடக்கத்தில் கோப்பையில் போடாதீர்கள். தனியாக அழைத்துப் பேசுங்கள். எழுதியதை சோடிப் பிள்ளை வாசிக்கலாமா, முதல்நாளே கேள்வியைச் சொல்லி வைக்கலாமா, வாசிக்கும்போது மற்றொருவர் சேர்ந்து வாசிக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஒத்துக்கொண்ட வழியில் சில வாரம் போன பிறகு, அவர் சரி என்று சொன்னால் குச்சியைச் சேருங்கள்.