எல்.கே.ஜி. வாசலில் அழும் பையன்

"மூன்றரை வயசுப் பையன் ஸ்கூல் வாசலில் என்னை விடாமல் அழுகிறான். தூக்கியே வளர்த்துக் கெடுத்துவிட்டேனா?"

இல்லைங்க. பிரியும்போது அழுவதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளை அம்மாவிடமிருந்து சில நிமிடம் பிரித்துப் பார்த்தபோது, முக்கியமாகக் கவனித்தது அம்மா திரும்பி வந்த கணத்தைத்தான். ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி பொம்மைக்குப் போனால் பிணைப்பு உறுதி. மதியம் கூப்பிடப் போகும்போது உங்கள் பையனைப் பாருங்கள்.

காலையில் நீங்கள் போனபின் டீச்சர் தேற்றினால் அடங்குகிறானா என்றும் கேளுங்கள். ஆறுதல் கிடைக்கும் என்று வீட்டில் பழகிய பிள்ளை பெரும்பாலும் புது ஆளிடமும் உதவி கேட்கத் தயங்காது. வகுப்பில் முதலில் வேண்டியது அதுதான், அ ஆ அப்புறம்.

அவன் அசந்த நேரம் பார்த்து நழுவி மட்டும் வராதீர்கள், மறுநாள் பிடி இன்னும் இறுகும். "சாப்பாடு முடிந்ததும் வருவேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள்.