சோறு குறைச்சும் நிறை குறையல்ல: கச்சானும் நெய்யும்தான் காரணமா?

"இரவுச் சோறு ஒன்றரைக் கோப்பையை நிப்பாட்டிட்டன். பதிலுக்கு ஒரு சின்னப் புட்டு, அதுக்கு மேல ரெண்டு மேசைக்கரண்டி நெய். பின்னேரம் கல்லடிக் கடற்கரையில கச்சான். ரெண்டு மாசமா நிறை அசையல்ல."

ஓம், அவைதான். ஒன்றரைக் கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 300 கலோரி. இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் மட்டும் 240. உரிச்ச வறுத்த கச்சான் 100 கிராம் என்றால் இன்னும் 570. புட்டையும் தேங்காய்ப்பூவையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. குறைச்சதை விடக் கூட்டினது அதிகம்.

கச்சான் கெட்ட சாமான் இல்லை. சரையிலிருந்து கதைச்சுக்கொண்டே கொறிக்கும்போது அளவு தெரியாது, அதுதான் சிக்கல்.

ஒரு கிழமைக்கு இப்படிப் பாருங்க. சமையல் தராசில் உரிச்ச கச்சான் 30 கிராம் நிறுத்து, சின்னக் கிண்ணத்தில் போட்டு எடுங்க. உள்ளங்கைக்குள் அடங்கும், 170 கலோரி. கஜு தின்கிற நாளில் கச்சான் வேண்டாம், அளவு அதேதான். எள்ளுருண்டையில் சீனியோ சக்கரையோ சேருவதால் அதைத் தனியாக எண்ணுங்க. நெய்யை ஊற்றாமல் ஒரு தேக்கரண்டி அளந்து விடுங்க, 40 கலோரி. நிறையைக் காலையில், சாப்பிட முன் பாருங்க. நாளுக்கு நாள் தண்ணீரால் ஒரு கிலோ ஏறி இறங்கும், கிழமைச் சராசரியைத்தான் ஒப்பிடவேணும்.

உடம்பு ஏத்த நினைக்கிறவருக்கு இதே கச்சான் 60 கிராம் வரை உதவும், 15 கிராம் புரதமும் கிடைக்கும். நெய்யில் புரதமே இல்லை, அது வெறும் கலோரி.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிறீங்க என்றால், சோற்றை இன்னும் குறைக்க முன் டொக்டரிடம் சொல்லுங்க. சீனி திடீரெனக் கீழே போகலாம்.