போனில் எடுத்த ஒப்பந்தப் பக்கத்தைத் தமிழாக்கும்போது

கேள்வி: திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் நடத்தும் என் சித்தப்பாவுக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஜாப் ஒர்க் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, தமிழில் எழுதித் தரச் சொல்கிறார். லயபிலிட்டி, இண்டெம்னிட்டி இரண்டுக்குமே 'பொறுப்பு' என்று போட்டால் போதுமா? தாள் மடிப்பில் சில எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை. ஊகித்து எழுதலாமா?

பதில்: இரண்டுக்கும் ஒரே சொல் போடக் கூடாது. ஊகமும் கூடாது. ஆனால் முதல் வேலை மொழிபெயர்ப்பு அல்ல, படத்தில் இருப்பதை ஆங்கிலத்திலேயே வரிக்கு வரி பிரதி எடுப்பது. தாளில் வரி முடியும் இடத்தில் உங்கள் வரியும் முடியட்டும். அப்போதுதான் 'நான்காவது வரியில் ஒரு சொல் தெரியவில்லை' என்று கம்பெனியிடம் சுட்டிக்காட்டிக் கேட்க முடியும். படத்தைப் பார்த்தபடியே நேராகத் தமிழில் எழுதினால், தெரியாத எழுத்தை மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். எந்த இடத்தில் நிரப்பினோம் என்பது எழுதிய நமக்கே தெரியாது.

படம் சரியில்லையென்றால் மறுபடி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, சிறிய எழுத்துகள் கலங்கிவிடும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேனர் செயலியில் கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் வேண்டாம். அது தாளின் நிழலோடு சேர்த்துக் காற்புள்ளியையும் மெல்லிய கோடுகளையும் துடைத்துவிடும். தாளை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில் முழுப் பக்கத்துக்கு ஒரு படம், மடிப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்து ஒரு படம் என இரண்டு போதும். கூடவே வரையறைகள் இருக்கும் பக்கத்தின் படத்தையும் வாங்குங்கள். ஆங்கில ஒப்பந்தத்தில் ஒரு சொல் வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தில் தொடங்கினால், பெரும்பாலும் அதற்கு அந்த ஒப்பந்தத்துக்கே உரிய பொருள் வேறொரு பக்கத்தில் இருக்கும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் அந்த அடையாளம் மொழிபெயர்ப்பில் காணாமல் போகும். அப்படிப்பட்ட சொற்களைத் தடித்த எழுத்தில் தாருங்கள்.

இனி அந்த இரண்டு சொற்கள். லயபிலிட்டி என்றால், சட்டத்தின்முன் யார் பதில் சொல்ல வேண்டும், யார் பணம் கட்ட வேண்டும் என்பது. இதற்குச் 'சட்டப்பொறுப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 'பொறுப்பு' என்ற சொல்லை ரெஸ்பான்சிபிலிட்டிக்கு விட்டுவிடுங்கள். 'துணியை உலர்த்துவது பிரிண்டரின் பொறுப்பு' என்பதுபோல அதுவும் அதே ஒப்பந்தத்தில் வரத்தான் செய்யும்.

இண்டெம்னிட்டிக்கு 'ஈட்டுறுதி' என்ற சட்டத்தமிழ்ச் சொல் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 124ஆம் பிரிவு இதை விளக்குகிறது: வாக்குக் கொடுத்தவரின் செயலாலோ வேறொருவரின் செயலாலோ மற்றவருக்கு நேரும் நட்டத்திலிருந்து அவரைக் காப்பதாகத் தரும் வாக்குறுதி. 'வேறொருவரின் செயலால்' என்பதைக் கவனியுங்கள். பலர் இந்தச் சொல்லை 'இழப்பீடு' என்று எழுதுகிறார்கள். இழப்பீடு என்பது 73ஆம் பிரிவின் விஷயம். அதற்கு ஒப்பந்தத்தை மீறியிருக்க வேண்டும், தொலைவான, மறைமுகமான நட்டம் அதில் சேராது. ஈட்டுறுதியோ, எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து, உங்கள் சித்தப்பா எதையும் மீறாதபோதும் பாயலாம். 125ஆம் பிரிவின்படி, மற்றவர் வழக்கில் கட்ட நேர்ந்த தொகை மட்டுமல்ல, வழக்குச் செலவும் சமரசத்தில் கொடுத்த பணமும்கூட, அந்தப் பிரிவின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதில் அடங்கும். 'இழப்பீடு தருவார்' என்று படிக்கும் சித்தப்பா, தவறு செய்தால்தானே என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

தேர்ந்த சொல்லைக் கடைசிவரை மாற்றாதீர்கள். நடை அழகுக்காக ஒரு வரியில் 'ஈட்டுறுதி', அடுத்த வரியில் 'ஈடுசெய்தல்' என்று எழுதினால் இரண்டும் வேறு வேறு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். சொல் முதன்முதல் வரும் இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லை மூலத்தில் உள்ளபடியே பக்கத்தில் எழுதிவிடுங்கள். வக்கீலிடம் காட்டும்போது உதவும்.

மடிப்புக்கு வருவோம். ஐயக் குறிப்புகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். வளைந்த அடைப்புக்குறி ஒப்பந்தத்திலேயே இருக்கும், இரண்டும் கலந்துவிடக் கூடாது. எழுத்தே தெரியாவிட்டால் [வாசிக்க முடியவில்லை: ஏறத்தாழ இரண்டு சொல்]. ஓரம் விடுபட்டிருந்தால் [படம் வெட்டுப்பட்டது]. பாதி தெரிந்து, பொருந்தும் சொல் ஒன்றே ஒன்றுதான் என்றால், அதை எழுதி [ஐயம்] என்று சேர்த்தால் போதும். சிக்கல், பொருந்தும் சொல் இரண்டு இருக்கும்போதுதான். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் வரும் வடிவில் ஒரு மாதிரி:

9.2 பிரிண்டர் பயன்படுத்தும் மை காரணமாக மூன்றாம் நபர் எவரேனும் கம்பெனிமீது எழுப்பும் கோரிக்கைகளால் நேரும் எல்லா இழப்புகளுக்கும் எதிராகப் பிரிண்டர் கம்பெனிக்கு ஈட்டுறுதி அளிக்கிறார்.

9.3 இந்த ஒப்பந்தத்தின்கீழ்ப் பிரிண்டரின் மொத்தச் சட்டப்பொறுப்பு, 9.2இன் ஈட்டுறுதி [ஐயம் 1: உட்பட / நீங்கலாக], ரூ.5,00,000-ஐ மிகாது.

மூலத்தில் 'க்ளூடிங்' என்ற பகுதி மட்டும் தெரிகிறது, முன்னால் இருந்த இரண்டு எழுத்துகளை மடிப்பு தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'இன்க்ளூடிங்' ஆகவும் இருக்கலாம், 'எக்ஸ்க்ளூடிங்' ஆகவும் இருக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. மையில் தடைசெய்யப்பட்ட ரசாயனம் இருந்தது என்று வெளிநாட்டுக் கடைக்காரர் கம்பெனியிடம் 12 லட்சம் கேட்டு வாங்கிவிட்டார் என்றால், 'உட்பட' என்று இருக்கும்போது சித்தப்பாவின் பங்கு 5 லட்சத்தோடு நிற்கும். 'நீங்கலாக' என்றால் உச்சவரம்பு இந்த விஷயத்துக்குப் பொருந்தாது. 12 லட்சமும், அதன்மேல் வழக்குச் செலவும் அவர் தலையில் விழலாம்.

படத்தைப் பெரிதாக்கி எழுத்தின் அகலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்து ஒல்லி, 'இ' அகலம், அதனால் மடிப்பு மறைத்த இடைவெளி ஏதாவது ஒரு பக்கம் சாயக்கூடும். அந்தக் கணிப்பைக் குறிப்பில் எழுதுங்கள், வாக்கியத்துக்குள் நுழைக்காதீர்கள். வழக்கமாக எப்படி எழுதுவார்கள் என்பதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, இரண்டு வகையும் புழக்கத்தில் உண்டு.

இதே எச்சரிக்கை 'நாட்' என்ற சொல்லுக்கும் 'அண்ட்', 'ஆர்' இரண்டுக்கும் தொகைகளுக்கும் உண்டு. 5,00,000 என்பதில் முதல் இலக்கம் மங்கலாக இருந்தால், எழுத்தால் எழுதிய தொகை பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் உள்ளபடியே கொடுத்துவிடுங்கள், எது சரி என்று தீர்ப்பது மொழிபெயர்ப்பவர் வேலை அல்ல.

மொழிபெயர்ப்பின் தலையில், கீழே அல்ல, ஐயங்களை எண்ணிட்டு வையுங்கள்: 'ஐயம் 1: 9.3, நான்காம் வரி, மடிப்பில் இரண்டு எழுத்து மறைந்துள்ளது. தொகையின் உச்சவரம்பு ஈட்டுறுதிக்குப் பொருந்துமா என்பது இதைப் பொறுத்தது. தீரும்வரை கையெழுத்து வேண்டாம்.' கம்பெனிக்குக் கேள்வி அனுப்பும்போது, அந்த வரியை வட்டமிட்ட படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். போனில் 'இன்க்ளூடிங்தான்' என்று சொன்னால் ஏற்க வேண்டாம். மடிப்பில்லாத பக்கத்தின் படமோ அச்சுக்குப் போன கோப்போ வரட்டும், அதைப் பார்த்து ஐயக் குறிப்பை நீக்குங்கள்.